வாப்பாட கண்ணாடிக்கு மேசையில இடமில்ல

கொஞ்சம் நீளமான பதிவு. பெருநாளுக்கு வீடு துப்புரவாக்கத் தொடங்கப் போகிறவர்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன். ஹோலில் குஷன் செட்டுக்கு நடுவில் வைக்கும் டீப்போவைப் பற்றியும், கதிரைக்குப் பக்கத்தில் வைக்கும் குட்டி மேசையைப் பற்றியும்தான். "டீச்சருக்கு எழுத வேற விசயம் கிடைக்கல்லயா" என்று சிரிப்பவர்கள் சிரித்துவிட்டு வாசியுங்கள்.

நாங்கள் இருப்பது வாப்பா கட்டின வீடு. நமது பக்கத்து வழக்கப்படி நான் கலியாணம் முடித்தபோது எனக்கு எழுதித் தந்தார். உம்மா மௌத்தான பிறகு வாப்பா எங்களோடுதான். இரண்டு வருசத்துக்கு முன் ஹோலுக்கு டைல்ஸ் போட்டு, பழைய கதிரைகளை எடுத்துவிட்டு புதுக் குஷன் செட்டும் கண்ணாடி போட்ட டீப்போவும் வாங்கினோம். டீப்போவின் நடுவில் பிளாஸ்டிக் றோசாப்பூக் கொத்து, ஒரு பக்கம் உம்றாவுக்குப் போன சொந்தக்காரர் கொண்டுவந்து தந்த கண்ணாடிக் கஃபா, மற்றப் பக்கம் ஒருவரும் சாப்பிடாத மிட்டாய்க் கிண்ணம். வேறொன்றும் வைக்க விடவில்லை. வாப்பாவின் மூக்குக் கண்ணாடியும் பேப்பரும் தஸ்பீஹும் கண்டால் எடுத்து அலுமாரிக்குள் வைத்துவிடுவேன். ஆர் வந்தாலும் ஹோல் படம் மாதிரி இருக்க வேண்டும் என்ற ஆசை எனக்கு.

ஒரு மூன்று மாதம் போனபிறகுதான் கவனித்தேன். வாப்பா ஹோலில் இருப்பதில்லை. பின் விறாந்தையில், உடுப்புக் காயப்போடும் கொடிக்குப் பக்கத்தில், ஒரு பிளாஸ்டிக் கதிரையைப் போட்டுக்கொண்டு பேப்பர் வாசிக்கிறார். கண்ணாடி ஜன்னல் கட்டில், தஸ்பீஹ் சட்டைப் பையில், தேத்தண்ணிக் கோப்பை நிலத்தில். "ஏன் வாப்பா இங்க இரிக்கீங்க, உள்ளுக்கு வாங்களன்" என்றேன். "அங்க எனக்கு சாமான் வைக்க இடமில்ல மகள்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்குச் சுட்டது. அந்த ஹோலுக்கு மண் போட்டு நிலம் உயர்த்தினதே அவர்.

அன்றைக்குத்தான் அந்த மேசையைப் பாடக்குறிப்பு எழுதுகிற மாதிரி எழுத்தில் போட்டுப் பார்த்தேன். முதலில் அலங்காரம் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு வெறும் மேசையாக விட்டேன். மூன்று நாளைக்கு ஒருவரும் ஒன்றையும் அடுக்கக் கூடாது, வைத்தது வைத்தபடி கிடக்கட்டும் என்று சொல்லிவிட்டேன். மூன்றாம் நாள் இஷாவுக்குப் பிறகு கொப்பியும் பேனையும் எடுத்து மேசையில் கிடந்ததை எண்ணினேன். இருபத்தி மூன்று சாமான்.

எழுதிப் பார்த்தபோது இரண்டு வகைதான் வந்தது. ஒன்று, அந்த இடத்தில் இருந்துகொண்டே பாவிப்பவை: வாப்பாவின் கண்ணாடி, பேப்பர், தஸ்பீஹ், டீவி ரிமோட், பிஸ்கட் டின், தண்ணிக் கிளாஸ். இவை ஏழெட்டுத்தான். மற்றவை எல்லாம் போகிற வழியில் இறக்கி வைத்தவை: இவருடைய மோட்டார் சைக்கிள் திறப்பு, தண்ணி பில், போன் சார்ஜர், சின்னவனின் உடைந்த கார், தலைக் கிளிப், மருந்துத் துண்டு. எல்லாவற்றிலும் பெரியது என்னுடையது. திருத்துவதற்குக் கொண்டுவந்த எட்டாம் தரத்துக் கொப்பிகள் முப்பத்தெட்டு! வாப்பாவின் கண்ணாடி மேசையை அசிங்கமாக்குகிறது என்று நான் ஒளித்து வைத்துக்கொண்டிருந்தேன். உண்மையில் மேசையை நிரப்பினது நான்.

போகிற வழியில் இறக்கி வைக்கிற சாமானுக்கு மேசையை ஏசிப் பிரயோசனமில்லை. திறப்புக்கு வாசலில் இடம் இல்லாததால்தான் அது மேசைக்கு வருகிறது. வாசல் கதவுக்குப் பக்கத்தில் ஆணி அடித்து ஒரு மரக் கொழுக்கிப் பலகை போட்டோம். பில்லுக்கும் மருந்துத் துண்டுக்கும் அதற்குக் கீழே ஒரு கிளிப். மேசையில் பாதி அன்றைக்கே வெளித்துவிட்டது. என் கொப்பிகளுக்கு ஒரு பெரிய பனையோலைப் பெட்டி வாங்கி டீப்போவுக்குக் கீழே வைத்தேன். பெட்டியில் கொள்கிற அளவுதான் வீட்டுக்கு வரும், மிச்சம் பாடசாலையில் கிடக்கும். இதில் இன்னும் நான் முழுசாகத் திருந்தவில்லை, தவணைப் பரீட்சை நேரம் வந்து பார்த்தால் தெரியும்.

அடுத்தது மேசை கிடந்த இடம். ஹோல் பெரிதாகத் தெரியட்டும் என்று டீப்போவைக் குஷனிலிருந்து இரண்டரை அடி தள்ளி வைத்திருந்தோம். வாப்பா கோப்பையை வைக்க எழும்ப வேண்டும். எழும்ப முடியாதவர் நிலத்தில் வைப்பார், பிறகு ஆரின் காலாவது தட்டும். குஷனின் முன் விளிம்புக்கும் மேசைக்கும் இடையில் பதினாறு, பதினெட்டு அங்குலம் போதும். முழங்கால் இடிக்காது, இருந்த இடத்திலிருந்தே கை எட்டும். டேப் தேவையில்லை, ஒரு முழம் அளவுக்கு விட்டால் சரி. உயரமும் குஷன் இருக்கையின் உயரத்துக்குச் சமமாக அல்லது ஓரிரு அங்குலம் குறைவாக இருக்க வேண்டும். எங்கள் மேசை பதினேழு அங்குலம், அது தற்செயலாகச் சரியாக அமைந்தது.

கண்ணாடி மேசையில் இன்னொரு பிரச்சினை இருக்கிறது, கடையில் வாங்கும்போது ஒருவரும் சொல்வதில்லை. கண் பார்வை குறைந்தவர்களுக்குக் கண்ணாடியின் விளிம்பு தெரியாது. வெள்ளை டைல்ஸுக்கு மேலே வெறும் கண்ணாடி, அதற்கு மேலே ஜன்னல் வெளிச்சம். வாப்பா இரண்டு தரம் முழங்காலுக்குக் கீழே இடித்துக்கொண்டார். இரண்டாவது தரம் இரத்தம் வந்ததை எங்களுக்குச் சொல்லவும் இல்லை, சாறனில் பட்டிருந்ததைக் கண்டுதான் கேட்டேன். அவர் ஹோலுக்கு வராமல் விட்டதற்கு அதுவும் ஒரு காரணம் என்று இப்போது நினைக்கிறேன்.

இதற்கு மருதமுனைக் கைத்தறித் துணிதான் எங்களுக்குக் கைகொடுத்தது. கடும் நீலத்தில் சிவப்புக் கரை போட்ட சாறன் துணி, வீட்டிலேயே கிடந்தது. அதை மேசையின் நீள அகலத்துக்குச் சரியாக வெட்டி ஓரம் அடித்தேன். தொங்க விடக் கூடாது. தொங்கினால் வீட்டில் இருக்கும் சின்னப் பிள்ளை பிடித்து இழுக்கும், மேலே இருக்கிற சுடுதேத்தண்ணி பிள்ளையின் மேல் வரும். விளிம்போடு விளிம்பாக நின்றால் சிவப்புக் கரை மேசையின் ஓரத்தைக் கோடு போட்டுக் காட்டும். கண்ணாடியில் துணி வழுக்கும், ஆகவே துணிக்குக் கீழே கடையில் விற்கிற ஓட்டை ஓட்டையான ரப்பர் விரிப்பில் துண்டு வெட்டி வைத்தேன். நாலு மூலைக்கும் ரப்பர் மூடி. விரல் அடையாளம் தெரிகிற தொல்லையும் அதோடு போனது.

இனி மேலே என்ன வைப்பது என்ற கதை. இதில்தான் நான் அதிகம் பிழை விட்டேன்.

எங்கள் மேசை நாலடி நீளம், இரண்டடி அகலம். முதல் தரம் நடுவில் பூ வைத்திருந்தேன் அல்லவா? ஆள் வரும்போது மகள் தேத்தண்ணித் தட்டோடு வந்து நிற்பாள். நான் அவசரமாகப் பூவைத் தூக்கி டீவிக்குப் பக்கத்தில் வைத்து, மிட்டாய்க் கிண்ணத்தை ஒதுக்கி, பிறகுதான் தட்டு இறங்கும். வந்தவர்களும் "இல்ல இல்ல, பரவால்ல" என்று அரைவாசி எழும்புவார்கள். உங்கள் வீட்டு மேசை சரியா பிழையா என்று பார்க்க இதைவிட நல்ல சோதனை எனக்குத் தெரியாது. தேத்தண்ணி கொண்டுவருகிறவர் ஒரு கணம் நின்றால் மேசையில் சாமான் கூட.

ஆகவே இப்போது நடுப்பகுதி எப்போதும் வெறுமையாகத்தான் கிடக்கும். எங்கள் தேத்தண்ணித் தட்டு பதினெட்டு அங்குலம் நீளம், பன்னிரண்டு அகலம். அதற்குச் சுற்றிலும் விரல் போக இடம் விட்டு, மேசையில் மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் கூட. மிச்ச இரண்டு பக்கமும்தான் சாமானுக்கு. வாப்பா இருக்கும் பக்கம் அவருடைய சாமான், எதிர்ப் பக்கம் பேப்பரும் ஒன்றிரண்டு புத்தகமும் பூப்போத்தலும்.

சின்னச் சாமான்கள் தனித்தனியாகக் கிடந்தால்தான் கண்ணுக்குக் குப்பையாகத் தெரிகிறது. அதே சாமான்கள் ஒரு தட்டுக்குள், ஒரு விளிம்புக்குள் கிடந்தால் ஒரே சாமானாகத் தெரியும். முதலில் ஒரு பெரிய பிளாஸ்டிக் தட்டு வைத்துப் பார்த்தேன். அது பிழை. ஒரு கிழமைக்குள் திறப்பு, கிளிப், பற்றரி என்று எல்லாம் திரும்பி வந்து, லொறி மாதிரி ஏற்றிக் கிடந்தது. தட்டு பெரிதானால் அது குப்பைக்கு அழைப்பு. ஒரு கையால் ஒரு சாமானை எடுக்கும்போது மற்றது அசையக் கூடாது, அசைந்தால் ஒன்றைக் குறைக்க வேண்டும். வாப்பாவுக்கு இது இன்னும் முக்கியம், அவர் பார்த்து எடுப்பதைவிடத் தடவி எடுப்பதுதான் கூட.

பெரிய தட்டுக்குப் பதிலாக என்ன வைப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது வாப்பாதான் சொன்னார். "உம்மாட வட்டா அலுமாரிக்கு மேல கிடக்கி, அத எடுங்களன்."

இளம் பிள்ளைகளுக்குத் தெரியாமல் இருக்கலாம். நமது வீடுகளில் கதிரை மேசை வருவதற்கு முன் பன்பாய் விரித்து ஆட்களை இருத்தி, நடுவில் பித்தளை வட்டாவை வைப்பார்கள். கால் வைத்த வட்டத் தட்டு, சுற்றிலும் விளிம்பு. அதற்குள்ளே வெற்றிலை, பாக்கு, பாக்குவெட்டி, சுண்ணாம்பு. பக்கத்தில் படிக்கம். கதைத்துக்கொண்டே கை போகும், எடுக்கும், வைக்கும். ஒருவரும் அதை அடுக்கி வைத்ததை நான் கண்டதில்லை, ஆனால் கலைந்து கிடந்ததாகவும் ஞாபகமில்லை. ஒவ்வொன்றுக்கும் அதற்குள்ளே இடம் இருந்தது, அவ்வளவுதான். (டீப்போ என்ற சொல்லும் தேத்தண்ணியிலிருந்து வந்ததில்லை. மூன்று கால் என்று பொருள்படும் ஹிந்திச் சொல்லிலிருந்து ஆங்கிலேயர் எடுத்து, 'டீ' என்று காதில் விழுந்ததால் தேத்தண்ணியோடு சேர்த்துவிட்டார்கள்.)

வட்டா கறுத்துப்போய்க் கிடந்தது. கடற்காற்றுப் படும் ஊரில் பித்தளை சும்மா கிடந்தால் அப்படித்தான். பழம்புளியைக் கரைத்துப் பூசி, கொஞ்ச நேரம் ஊற விட்டு, சாம்பலால் தேய்த்துக் கழுவி உடனே துடைத்தேன். ஈரம் விட்டால் திரும்பவும் புள்ளி வரும். கண்ணாடிப் போலாமல் மினுக்கவும் இல்லை, கைப்பட்ட இடம் கொஞ்சம் மங்கலாக இருப்பதுதான் எனக்குப் பிடித்தது. மூக்குக் கண்ணாடியின் வில்லை பித்தளையில் உரசிக் கீறு விழும் என்பதால் மிச்சம் கிடந்த அதே நீலத் துணியில் வட்டமாக வெட்டி உள்ளே போட்டேன். வாப்பா வெற்றிலையை விட்டு ஒன்பது வருசம், டொக்டர் சொல்லி நிறுத்தினது. இப்போது வட்டாவுக்குள் கண்ணாடி, தஸ்பீஹ், ரிமோட், ஒரு பேனை. நாலே நாலு. ஐந்தாவது வைக்க நினைத்தால் இடம் தராது, வட்டமான தட்டின் நன்மை அதுதான்.

எதிர்ப் பக்கத்தில் இன்றைய பேப்பர், நேற்றைய பேப்பர், வாசிக்கிற ஒரு புத்தகம். மூன்றாவது நாள் பேப்பர் பழைய பேப்பர்க் கட்டுக்குப் போய்விடும். இவற்றை மேசை ஓரத்துக்கு நேராக வைக்க வேண்டும், சரிவாகப் போடக் கூடாது. இது சின்ன விசயம்தான், ஆனால் செய்து பாருங்கள். பெரிய சாமானின் ஓரம் மேசை ஓரத்தோடு நேராக நின்றால், மேலே கண்ணாடிக் கூடு கோணலாகக் கிடந்தாலும் ஹோல் ஒழுங்காகத்தான் தெரியும். பேப்பரே கோணலாகக் கிடந்தால் மேசையில் அது ஒன்று மட்டும் இருந்தாலும் கலைந்த வீடு மாதிரித் தெரியும். வகுப்பில் வாங்கு வரிசை நேராக இருந்தால் பிள்ளைகள் எப்படிக் கதைத்தாலும் அதிபர் கண்ணுக்கு ஒழுங்காகத் தெரிவது மாதிரி.

எல்லாம் தட்டையாகக் கிடந்தால் மேசை தூங்குகிற மாதிரி இருக்கும், ஒன்று மட்டும் உயரமாக வேண்டும். பிளாஸ்டிக் பூவை எடுத்துவிட்டேன். கச்சான் காற்றுக் காலத்தில் வயல் பக்கத்திலிருந்து வரும் தூசு இதழ் இதழாக ஏறி, ஒரு மாதத்தில் றோசாப்பூ மண்ணிறமாகிவிடுகிறது. இப்போது ஒரு பழைய சாஸ் போத்தலில் மணிப்ளாண்ட் கொடி. போத்தலும் கொடியும் சேர்த்து ஒரு அடிக்கு மேல் போக விடுவதில்லை, எதிரில் இருப்பவரின் முகம் மறைந்தால் கதை வராது. ஒரு எச்சரிக்கை: தண்ணியில் வைக்கிற கொடியில் டெங்கு நுளம்பு முட்டை இடும். முட்டையிலிருந்து நுளம்பாகப் பறக்க ஒரு கிழமை, பத்து நாள் போதும். ஆகவே வாரத்தில் இரண்டு தரம் தண்ணி மாற்றுங்கள். மாற்றினால் மட்டும் போதாது, முட்டை போத்தலின் உள் சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும், பிரஷ் போட்டுத் தேய்க்க வேண்டும்.

கண்ணாடிக் கஃபா வைக்கிற இடம் அதுவல்ல என்று வாப்பாவும் சொன்னார். கோப்பையும் ரிமோட்டும் கிடக்கிற, சின்னவன் கால் போடுகிற இடத்தில் என்னத்துக்கு? இப்போது உயரத்தில், புத்தகத் தட்டில் இருக்கிறது.

குட்டி மேசைக்கு வருகிறேன். ஒன்றுக்குள் ஒன்று செருகும் மூன்று மேசைச் செட் பல வீட்டில் இருக்கும், அதில் நடுவில் உள்ளதை வாப்பாவின் கதிரைக்கு வலப்பக்கம் எடுத்து வைத்தேன். மூன்றையும் செருகியே வைத்திருந்தால் அவை மேசையல்ல, பெட்டி. கதிரைக் கையின் உயரத்துக்குச் சமமாகவோ ஓரிரு அங்குலம் கீழேயோ மேசை நிற்க வேண்டும். அதைவிடக் கீழே போனால் கோப்பையைப் பார்க்காமல் வைக்க முடியாது, மேலே வந்தால் முழங்கை தட்டும். அதில் மூடி போட்ட தண்ணிக் குவளை, ஒரு கோப்பைத் தட்டு, வாசிக்கிற விளக்கு. அவ்வளவுதான். முதலில் குளிசையும் கண்ணுக்கு விடும் மருந்தும் அங்கேதான் இருந்தன. ஒரு நாள் சின்னவன் குளிசை அட்டையை எடுத்து அமுக்கி விளையாடிக்கொண்டிருந்தான். ஒன்றும் வாயில் போகவில்லை, அல்ஹம்துலில்லாஹ். அன்றிலிருந்து மருந்து எல்லாம் பிள்ளைக்கு எட்டாத உயரத்தில்தான், நேரத்துக்கு நான் எடுத்துக் கொடுக்கிறேன். வயதானவர்களும் சின்னப் பிள்ளைகளும் ஒன்றாக இருக்கும் வீட்டில் இடுப்புக்குக் கீழே மருந்து வைக்கவே வேண்டாம்.

துடைக்கிற வேலையும் குறைந்தது. முன்பு ஒவ்வொரு சாமானாகத் தூக்க வேண்டும், ஆகவே சுற்றித்தான் துடைப்பேன், தூக்கினால் கீழே வட்ட வட்டமாகத் தூசு. இப்போது வட்டாவை ஒரு தூக்கு, பேப்பர்க் கட்டை ஒரு தூக்கு, போத்தலை ஒரு தூக்கு. துணியை வெளியில் கொண்டுபோய் உதறிப் போடுவேன். வெறும் கண்ணாடியாகவே வைத்திருப்பவர்கள் கச்சான் காலத்தில் உடனே ஈரத் துணி போட்டு அழுத்தித் தேய்க்காதீர்கள். தூசில் மண் இருக்கிறது, கண்ணாடியைக் கீறும். முதலில் மெல்லிய காய்ந்த துணியால் தட்டி எடுத்துவிட்டு, பிறகு ஈரம். இரவு படுக்கப் போகுமுன் கோப்பைகளை எடுத்து, பேப்பரை நேராக்கி, திறப்பு கிடந்தால் கொழுக்கியில் போட இரண்டு நிமிசம். வெள்ளிக்கிழமை காலையில் பனையோலைப் பெட்டியைக் கொட்டிப் பார்ப்பது. இரண்டு வெள்ளி விட்டால் பெட்டி பொங்கும், அனுபவத்தில் சொல்கிறேன்.

வாப்பா திரும்பி வந்தது ஒரே நாளில் இல்லை. முதல் இரண்டு மூன்று நாள் பேப்பரைப் பின் விறாந்தைக்குத்தான் கொண்டுபோனார். ஒரு நாள் அஸருக்குப் பிறகு பாடசாலைக் கூட்டம் முடிந்து வந்தேன், ஹோலில் இருந்து பேப்பர் வாசிக்கிறார். கால் நீட்டி, விளக்கையும் போட்டுக்கொண்டு. நான் ஒன்றும் கேட்கவில்லை, தேத்தண்ணி ஊற்றப் போய்விட்டேன்.

போன மாதம் வாப்பாவின் பழைய கூட்டாளி ஒருவர் மருதமுனையிலிருந்து வந்திருந்தார். முந்தித் தறி போட்டவர். வந்து இருந்ததும் முதலில் மேசைத் துணியின் கரையைத்தான் விரலால் தடவிப் பார்த்தார், "இது நம்மட பக்கத்து வேலதான்" என்றார். மகள் தட்டைக் கொண்டுவந்து நடுவில் நேராக வைத்தாள், ஒருவரும் ஒன்றையும் தூக்கவில்லை. பிறகு அவர் வட்டாவை எட்டிப் பார்த்தார். "என்ன மச்சான், வட்டா இரிக்கி, வெத்திலயக் காணல்லயே?"

"டொக்டர் எடுத்துப் போட்டான்" என்றார் வாப்பா. "ஒங்கட கண்ணாடியக் கழட்டி அதுக்குள்ள போடுங்க, இடமிரிக்கி."

அவர் போட்டுவிட்டு மஃரிப் வரை கதைத்துக்கொண்டிருந்தார். எழும்பிப் போகும்போது இரண்டு பேரும் கண்ணாடியை மாறி எடுத்துவிட்டார்கள், கேற்றடியில் போய்த்தான் தெரிந்தது.

இன்னும் சரிவராமல் இருப்பது போன் சார்ஜர்தான். வயரை எங்கே ஒளித்தாலும் இவர் கொண்டுவந்து டீப்போவில் போடுகிறார். இதற்கு வழி கண்டுபிடித்தவர்கள் கீழே எழுதுங்கள்.